போடாத பந்தயமும் பேசும்

சென்னை லீக்கில் ஆடும் ஒரு கிளப்பின் கேப்டன், சீசன் தொடங்குவதற்கு முன் தன் பையன்களை வலைப்பயிற்சி முடிந்த கையோடு உட்காரவைத்துப் பேசினார். விஷயம், பந்தயம். அணியில் ஒரு பையன் வாட்ஸ்அப் குழு ஒன்றில் லீக் ஆட்டங்களுக்குப் பணம் கட்டுகிறான் என்று அவர் காதுக்கு வந்திருக்கிறது. பேரைச் சொல்லவில்லை. கிளப் பேரை நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் பேச்சைக் கட்டியிருந்த விதம் அலசத் தகுந்தது.

"இது பாவம், குற்றம்னு நான் சொல்ல வரலடா. அது உங்க வீட்ல சொல்வாங்க. இது முட்டாள்தனம், அதை மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். சட்டத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைச் சொல்லிவிட்டு நேராகக் கணக்குக்கு வந்தார்.

இரண்டு அணிகளும் சமபலம் என்று வைத்துக்கொள்வோம். புக்கி இரண்டு பக்கமும் 1.90 கொடுப்பான். ஆயிரம் கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 1,900. நூறு ஆட்டத்தில் ஆயிரம் ஆயிரமாகக் கட்டி, சரிபாதி ஐம்பதில் ஜெயித்தால் வருவது 95,000. போட்டது ஒரு லட்சம். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறவனுக்கே ஐயாயிரம் நஷ்டம். கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்க 53 ஆட்டங்களைச் சரியாகக் கணிக்க வேண்டும். யாரும் அதிகம் பார்க்காத சிறு ஆட்டங்களில் புக்கி தன் பாதுகாப்புக்காக விலையை இன்னும் குறைத்துத்தான் கொடுப்பான்.

"எங்களுக்கு லீக் அத்துப்படி அண்ணே, வெளியாள் மாதிரியா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். கேப்டன் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். வெளியாளைவிட உனக்கு என்ன கூடுதலாகத் தெரியும்? எதிரணியின் தொடக்கப் பந்துவீச்சாளருக்கு விலாப்பக்கம் பிடித்திருப்பது தெரியும். எந்த மைதானத்தில் பிட்ச்சுக்குத் தண்ணீர் விடவில்லை என்று தெரியும். நாளைக்கு யார் ஆபீஸில் லீவு கிடைக்காமல் வரமாட்டான் என்று தெரியும். அந்த 53ஐ எட்ட வைக்கக்கூடியது இந்தத் தகவல்தான். கிரிக்கெட்டின் ஊழல் தடுப்பு விதிகள் உள்தகவல் என்று தனியாகப் பிரித்துத் தடுத்திருப்பதும் இதையேதான். தெரியாமல் கட்டினால் பணம் போகும், தெரிந்து கட்டினால் ஆட்டமே போகும். மூன்றாவது வழி கிடையாது.

பேச்சின் உச்சம் இதற்குப் பிறகு வந்தது. "நான் நம்ம டீம் ஜெயிக்கும்னுதானே கட்டுறேன், அதுல யாருக்கு என்ன கெடுதல்?" என்பது எல்லாருக்கும் தோன்றும் வாதம். அமெரிக்க பேஸ்பால் மேலாளர் பீட் ரோஸ், 1989இல் ஆயுள் தடை வாங்கிப் பல ஆண்டுகள் மறுத்துவிட்டு, 2004இல் ஒப்புக்கொண்டபோது சொன்னதும் இதுவே. கேப்டன் அதற்குக் கொடுத்த பதில் எனக்குப் பிடித்தது. ஐந்து வாரம் தொடர்ந்து நம் அணிமேல் இரண்டாயிரம் கட்டுகிறாய். ஆறாவது வாரம் கட்டவில்லை. புக்கி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டான், கேட்கத் தேவையில்லை. நம்மிடம் ஏதோ கோளாறு, முக்கியமான ஆள் இல்லை, அல்லது உனக்கே நம்பிக்கை இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். விலையை மாற்றிக்கொள்வான். நீ வாயைத் திறக்காமலேயே அணியை விற்றிருப்பாய்.

அதற்கு மேல் கடன். உள்ளூர் புக்கி பெரும்பாலும் கையில் காசு வாங்குவதில்லை, கணக்கில் எழுதிக்கொள்கிறான். நாற்பதாயிரம் ஏறியதும் மிரட்டமாட்டான். "விடு தம்பி, நாளைக்கு டாஸ் ஜெயிச்சா என்ன பண்ணப்போறீங்கன்னு மட்டும் சொல்லு" என்பான். அப்போது அந்தக் கேள்வி சின்னதாகத்தான் இருக்கும்.

நம் ஊர் உதாரணத்தையும் அவர் விடவில்லை. 2013 ஐபிஎல்லில் சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்தவர் பந்தயம் கட்டியதற்காக, 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை. 2016, 2017 இரண்டு சீசன்கள் மஞ்சள் சட்டை களத்தில் இல்லை, தோனி புனேவுக்கு ஆடினார். ஒரு ரூபாய்கூடக் கட்டாத வீரர்கள் வேறு வேறு ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். இதே லோதா குழு 2016 ஜனவரியில் தந்த அறிக்கையில், பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றே பரிந்துரைத்தது. ஆனால் வீரர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும் கூடாது என்றது. ஊருக்கே கதவைத் திறக்கச் சொன்னவர்கள் ஆடுகிறவனை மட்டும் வெளியே நிறுத்தினார்கள் என்பதை கேப்டன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது.

"வேற ரெண்டு டீம் ஆடுற மேட்ச்தானே?" என்பவர்களுக்கு அவர் எடுத்தது இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் பிரைடன் கார்ஸின் கதை. 2017க்கும் 2019க்கும் இடையே கிரிக்கெட் ஆட்டங்கள்மேல் 303 பந்தயங்கள். அவர் ஆடிய ஆட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. தண்டனை வந்தது 2024 மே மாதம்: பதினாறு மாதத் தடை, அதில் பதின்மூன்று மாதம் நிறுத்திவைப்பு, மூன்று மாதம் வெளியே. பந்தயம் கட்டிய காலத்தில் அவர் டர்ஹாம் அணியில் மேலே வரப் போராடிக்கொண்டிருந்த இளைஞர். கணக்குக் கேட்டபோது இங்கிலாந்துக்கு ஆடியவர். கால்பந்தில் ஐவன் டோனிக்கும் அப்படித்தான். 2017 முதல் 2021 வரை கட்டியவை, பிரென்ட்ஃபோர்டுக்காக ஒரே சீசனில் இருபது லீக் கோல் அடித்த 2023இல் எழுந்து வந்து எட்டு மாதத் தடையாக விழுந்தன. முந்தைய சீசனில் ஒன்பதாவது இடத்தில் முடித்த அணி, அவர் பாதி சீசன் இல்லாத அடுத்த முறை பதினாறாவது. காயங்களும் அதற்குக் காரணம்தான், பழி முழுவதையும் டோனிமேல் போட முடியாது. ஆனால் கோல் அடிக்கிறவன் வேடிக்கை பார்த்ததும் உண்மை.

இளைஞர்களுக்கு இது உறைக்க வேண்டிய இடம். இன்று உன்னை யாருக்கும் தெரியாது, அதனால் பயமில்லை என்று நினைக்கிறாய். பணம் போன தடம் செல்போனிலும் வங்கிக் கணக்கிலும் கிடக்கிறது. நீ பெரிய ஆளாகும்வரை அதற்கு அவசரமில்லை.

ஒரு குறை உண்டு. முடிவில் ஒரு பையன் மெதுவாகக் கேட்டானாம்: "போன வருஷமே கட்டியிருந்தா என்ன அண்ணே பண்றது?" கேப்டன் "தனியா வந்து பாரு" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் எடுத்த இரண்டு உதாரணங்களிலேயே பதில் இருந்தது. கார்ஸ் ஒத்துழைத்ததும் வருந்தியதும் தண்டனை விதிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. டோனிக்குப் பதினைந்து மாதம் என்று ஆரம்பித்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பதினொன்றானது. சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்ததால் எட்டானது. பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், ஏற்கெனவே கடனில் இருப்பவன் கேப்டனைவிட புக்கியிடம்தான் முதலில் போவான். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னால் அணியில் அவன் இடம் என்னவாகும் என்ற இரண்டையும் அடுத்த பயிற்சிக்குள் கேப்டன் சொல்லிவிடுவது நல்லது. லீக் தொடங்க அதிக நாள் இல்லை.