த்ருவத்தில் திரும்பும் பக்கம்

பஜனை கோஷ்டிக்கென்று அச்சடித்த பாட்டுப் புத்தகம் எது கைக்கு வந்தாலும், நடுவில் ஓர் அஷ்டபதியைப் பிரித்து, பக்கம் எந்த இடத்தில் முடிகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சரணத்தின் பாதியில் முடிந்தால், தொகுத்தவர் மேஜையில் உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். த்ருவபதத்தில் முடிந்தால், அவர் கோஷ்டியோடு தரையில் உட்கார்ந்து ஜால்ரா போட்டுப் பழகியவர்.

மாம்பலத்தில் எங்கள் ஏகாதசி பஜனைக்கு வைத்திருக்கும் புத்தகம் இரண்டாவது வகை. அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மாமா தயாரித்தது. ஏ5 அளவு, ஸ்பைரல் பைண்டிங், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், உள்ளே 24 அஷ்டபதிகள். பார்வைக்கு எந்த அலங்காரமும் கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு பாடும்போது யாரும் பக்கம் தேடுவதில்லை. பின்பாட்டு ஒரு தடவைகூடத் தயங்குவதில்லை. அதன் அழகை விலாவாரியாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் எழுத்தின் அளவு. தமிழில் பெரிய எழுத்துப் புத்தகத்துக்கு ஒரு பழைய மரபே உண்டு. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று தலைப்பிலேயே அளவைப் போட்டு விற்ற காலம் அது. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பஜனைப் புத்தகத்துக்குப் பெரிய எழுத்து தேவைப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. பாடுகிறவரின் கை சும்மா இருப்பதில்லை. ஜால்ரா போட வேண்டும், இல்லையென்றால் தாளம் தட்ட வேண்டும். அதனால் புத்தகம் கையில் இருக்காது. எதிரே தரையில் விரிந்து கிடக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் கண்ணுக்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றடி. ஒன்றரை அடியில் 9 பாயிண்ட் எழுத்து எவ்வளவு தெரியுமோ, மூன்றடியில் 18 பாயிண்ட் எழுத்து அவ்வளவுதான் தெரியும். ஆகவே 18 பாயிண்ட் என்பது வயதானவர்களுக்குக் காட்டும் சலுகை இல்லை. தரையில் உட்கார்ந்து பாடும் எல்லோருக்கும் வேண்டிய சாதாரண அளவு. ஸ்பைரல் போட்டதும் இதற்காகத்தான். தைத்து ஒட்டிய புத்தகம் கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே கொக்கி போடும். ‘து’, ‘ழு’ கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். மாமா 18 பாயிண்ட் எழுத்துக்கு 27 பாயிண்ட் வரி இடைவெளி வைத்தார். ஏ5 பக்கத்தில் மேலும் கீழும் விளிம்பு விட்டால் இந்தக் கணக்கில் 18 வரி கொள்ளும். இந்த 18 வரிகளுக்குள் ஜயதேவரை அவர் எப்படி உட்கார வைத்தார் என்பதுதான் நான் ரசிக்கும் இடம்.

அஷ்டபதி என்ற பெயருக்கேற்ப பெரும்பாலானவற்றில் எட்டுச் சரணம். மூலத்தில் ஒவ்வொன்றும் இரண்டு நீண்ட அடி. ஏ5 அகலத்தில் ஓர் அடி முழுசாக நிற்காது; எங்காவது உடைத்தாக வேண்டும். கணினியின் இஷ்டத்துக்கு விட்டால், இடம் தீர்ந்த இடத்தில், ஒரு சமாசத்தின் நடுவிலேயே உடைத்துவிடும். இவரோ பாகவதர் எங்கே நிறுத்தி, கோஷ்டி எங்கிருந்து வாங்கிப் பாடுகிறதோ அங்கே உடைத்தார். பாகவதர் பாடிய துண்டு ஒரு வரி. கோஷ்டி திருப்பிப் பாடுவதும் அதே வரி. இப்படிச் செய்தால் ஒரு சரணம் நான்கு வரி ஆகிறது. அதன் கீழே த்ருவபதம்.

த்ருவபதத்தை ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் முழுசாக அச்சிட்டால் பக்கம் வீங்கும். ஒரே பாட்டு எங்கெங்கோ ஓடும். முதல் சரணத்தோடு மட்டும் போட்டுவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விட்டால் புதிதாக வந்தவர்கள் தடுமாறுவார்கள். நான்காம் சரணம் முடிந்ததும் எதைப் பாடுவது என்று தெரியாமல் பக்கத்து ஆளின் வாயைப் பார்ப்பார்கள். இவர் நடுவழி ஒன்று பிடித்தார். பாட்டு தொடங்கும் இடத்தில் த்ருவபதம் முழுசாக இரண்டு வரி. மற்ற சரணங்களின் கீழே அதன் முதல் சொல் மட்டும். பக்கம் திரும்பிய பிறகு மறுபடி ஒரு தடவை முழுசாக. கண்ணெதிரே விரிந்திருக்கும் இரண்டு பக்கத்தில் எப்போதும் ஒரு முழு த்ருவபதம் இருக்கும்.

இனி கணக்கைப் பாருங்கள். இடது பக்கத்தில் பாட்டின் எண், ராகம், தாளம், முதல் இரண்டு சரணம், முழு த்ருவபதம். வலது பக்கத்தில் 3, 4, 5. பக்கத்தைத் திருப்பினால் இடது புறம் 6, 7, 8. அதற்கு எதிர்ப்பக்கத்தில், அஷ்டபதி முடிந்ததும் பாடும் சுலோகமும் நாமாவளியும். ஒரு பாட்டுக்கு நான்கு பக்கம். அடுத்த பாட்டு மறுபடி இடது பக்கத்தில் தொடங்கும். பாட்டு முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான் தாளைத் திருப்ப வேண்டும். அதுவும் ஐந்தாம் சரணம் முடிந்து த்ருவபதம் ஓடும்போது. அந்த நேரத்தில் யாருக்கும் புத்தகம் வேண்டாம்; ஐந்து தடவை பாடிய வரி நாக்கிலேயே இருக்கிறது. ஜால்ராவை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் தாளைத் திருப்பி, ஆறாம் சரணத்துக்குத் தயாராகிவிடலாம். பாட்டு ஓர் இழைகூட அறுவதில்லை.

எட்டு என்ற எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. முதல் அஷ்டபதியில் தசாவதாரத்தைச் சொல்லி 11 சரணம், இரண்டாவதில் 9, பத்தாவதில் 5 மட்டுமே. முதல் பாட்டுக்கு அவர் நான்காம் பக்கத்தையும் பாட்டுக்கே கொடுத்து, நாமாவளியை அடுத்த தாளுக்குத் தள்ளினார். பத்தாவது பாட்டு தாளைத் திருப்பாமலேயே முடிந்துவிடுகிறது. கணக்குக்காக எழுத்தைச் சுருக்கியோ இடைவெளியைக் குறைத்தோ அவர் எந்தப் பாட்டையும் நெருக்கவில்லை.

த்ருவபதத்தைத் தனித்துக் காட்ட என்ன செய்வது? சிவப்பு மை அழகாக இருக்கும். ஆனால் புத்தகம் தீர்ந்ததும் யாராவது ஜெராக்ஸ் எடுப்பார்கள். அதில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். அடிக்கோடு தமிழுக்கு ஆகாது. ‘து’, ‘கு’, ‘ழு’ எல்லாவற்றின் வாலையும் வெட்டிக்கொண்டு போகும். சாய்வெழுத்து நம் எழுத்தின் வட்டங்களைக் கோணலாக்குவதோடு சரி, தூரத்திலிருந்து வித்தியாசமே தெரியாது. மிஞ்சுவது தடித்த எழுத்து. அதிலும் மிகத் தடித்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’ போல ஆகிவிடும். இவர் நிதானமான தடிப்பைத் தேர்ந்தெடுத்து, வரியை இரண்டு எழுத்து அளவு உள்ளே தள்ளினார். தடிப்பு தெரியாத மங்கலான வெளிச்சத்திலும் அந்தப் படி தெரியும். “கண்ணு தேடப்படாதுடா, தானா போய் விழணும்” என்பார்.

சரண எண்ணில்தான் பல புத்தகங்கள் சறுக்குகின்றன. சம்ஸ்கிருத நூல்களின் வழக்கப்படி எண் சுலோகத்தின் முடிவில், இரட்டைக் கோடுகளுக்கு நடுவே வரும். மௌனமாகப் படிக்க அது சரி. பஜனையில் நேரம் போதாதபோது பாகவதர் சைகையால் மூன்று விரல் காட்டி, நடுவில் உள்ளதை விட்டு மூன்றாம் சரணத்துக்குத் தாவுவார். கோஷ்டி 3 என்ற எண்ணைக் கண்டுபிடித்து, அதை அடுத்து வரும் வரியை எடுக்கும். அது நான்காவது! பாதிப் பேர் மூன்றிலும் பாதிப் பேர் நான்கிலுமாகக் குழம்பும்போது எங்கே தவறு நடந்தது என்று யாருக்கும் புரியாது. இந்தப் புத்தகத்தில் எண் சரணத்தின் முதல் வரிக்கு முன்னால், விளிம்பில் தனியாகத் தொங்குகிறது.

எண்ணை வரியை விட்டு விலக்கி வைக்க இன்னொரு காரணம் உண்டு. தமிழில் ஒரு ‘க’, சம்ஸ்கிருதத்தில் நான்கு. அந்த வித்தியாசத்தைக் காட்ட ‘கோ³விந்த³’, ‘ப⁴க்தி’ என்று எழுத்தின் தோளில் 2, 3, 4 போட்டு அச்சிடுவது நம் பக்தி நூல்களின் வழக்கம். சின்ன எழுத்தில் அந்த எண்கள் புள்ளியாகத் தெரியும்; இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஆளுக்கொரு உச்சரிப்பாகப் பாடுவார்கள். 18 பாயிண்டில்தான் அவை படிக்கக்கூடிய எண்களாகின்றன. ஆனால் அதே வரியின் ஓரத்தில் சரண எண்ணும் ஒட்டி நின்றால் இரண்டும் கலந்துவிடும். இங்கே சரண எண் தடித்தது, வெளியே நிற்பது. உச்சரிப்பு எண் மெலிந்தது, எழுத்தை விட்டு அகலாதது. கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த மேலெண்கள் இறங்கி ‘ப4க்தி’ என்று ஆகிவிடுவதுண்டு. ப்ரூஃப் பார்ப்பவர் இதற்கென்றே ஒரு தடவை தனியாகப் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். மாமா போனார்.

கடைசிச் சரணத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரம். ஜயதேவர் தம் பெயரை வைத்த முத்திரைச் சரணம் அது. எவ்வளவு அவசரமானாலும் அதை விடுவதில்லை. புதியவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தே பாட்டு முடிகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

பாட்டின் எண் பக்கத்தின் வெளிமூலையில் பெரிதாக. பக்க எண் கீழே சிறிதாக. அறிவிக்கும்போது “பதினேழு” என்றால் பாட்டைத்தான் குறிக்கும். இரண்டாம் பதிப்பில் தரங்கமும் தாசர் பதங்களும் சேர்ந்தபோது அவை 25இலிருந்து கடைசியில்தான் வந்தன. நடுவில் செருகியிருந்தால் பழைய புத்தகம் வைத்திருப்பவர்களின் எண்ணெல்லாம் பொய்யாகியிருக்கும். இன்றும் இரண்டு பதிப்பும் ஒரே கூடத்தில், ஒரே எண்ணுக்கு விரிகின்றன.

ஒரே ஒரு குறை சொல்வேன். தாசர் பதங்களில் சரணம் முடிந்ததும் பல்லவிக்குப் போவதா, அனுபல்லவிக்குப் போவதா என்பதை எல்லாப் பாட்டிலும் குறிக்கவில்லை. சில பதங்களில் பாகவதர் அனுபல்லவியை எடுக்க, பின்னாலிருந்து பல்லவி வருகிறது. ‘(ப)’ அல்லது ‘(அ.ப)’ என்று ஒரு குறி போட்டால் தீரும், மூன்றாம் பதிப்பில் சேர்ப்பதாக மாமா சொல்லியிருக்கிறார்.

உங்கள் கோஷ்டிக்குப் புத்தகம் போடப் போகிறீர்கள் என்றால், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பாட்டை மட்டும் அதே அளவில் நகல் எடுத்து, நீங்கள் பாடும் கூடத்தில், அங்குள்ள விளக்கிலேயே, தரையில் விரித்து வைத்துப் பாடிப் பாருங்கள். கோஷ்டியின் மூத்தவர் ஒருவரும் நேற்றுச் சேர்ந்தவர் ஒருவரும் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அவர்கள் குனிந்து பார்க்கும் இடத்தையும் பாட்டை விடும் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, அவற்றைத் திருத்திய பிறகே அச்சகத்துக்குப் போங்கள்.