மண் அறிக்கையில் எதை வெட்டுவது?

அடுக்குமாடிக் கட்டடத்துக்கான மண் பரிசோதனை அறிக்கை கட்டமைப்புப் பொறியாளரின் மேசைக்கு வருகிறது. அடித்தளத்தை வடிவமைக்கப் போகிறவர் அவர். ஆனால் அறிக்கையின் முதல் சில பக்கங்கள், தரநிலை ஊடுருவல் சோதனை என்றால் என்ன, தாங்குதிறன் என்றால் என்ன, களிமண்ணுக்கும் மணலுக்கும் என்ன வேறுபாடு என்று கல்லூரிப் பாடத்தை அவருக்கே நடத்துகின்றன. அவற்றை நீக்கிவிட வேண்டும் என்ற கருத்து இப்போது வலுத்து வருகிறது. எனக்கும் அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் வெட்டும் முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். வாசிப்பவரின் நேரம் மிச்சமாகும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: வரையறை களத்தில் நடந்ததை மறைத்துவிடுகிறது. ஐ.எஸ். 2131 நெறிமுறைப்படி 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழ வேண்டும். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதற்கான அடிகளைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 சென்டிமீட்டருக்கான அடிகளை எண்ணினால் கிடைப்பதே N மதிப்பு. பல அறிக்கைகளில் இந்தப் பத்தி முந்தைய அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டப்படுகிறது. ஆனால் களத்தில் சுத்தியல் கயிற்றில் தொங்கி, உருளையில் உரசிக்கொண்டே இறங்கியிருக்கலாம். அப்போது கம்பிக்குப் போய்ச் சேரும் ஆற்றல் குறையும். அதே மண்ணில் அடிகளின் எண்ணிக்கை கூடும். தளர்ந்த மணல் இறுகிய மணல்போலத் தோன்றும். ஒட்டப்பட்ட பத்தியோ எல்லாம் விதிப்படி நடந்தது என்று சாட்சி சொல்கிறது. அந்த இடத்தில் இருக்க வேண்டியவை இரண்டே செய்திகள்: எந்த வகைச் சுத்தியல், அதை எப்படி உயர்த்தி விட்டார்கள். வரையறையை எடுத்துவிட்டால் இவை இல்லாத குறை வெளிப்படையாகத் தெரியும்.

இனி ஆபத்து. எல்லா வரையறையும் பாடநூல் பேச்சு அல்ல. நிபுணர்களுக்கு ஒரு சொல்லின் பொருள் தெரியும். அது இரண்டு மூன்று பொருளில் வழங்குகிறது என்பதும் தெரியும். இந்த அறிக்கையில் எது என்பதுதான் தெரியாது. “பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன்” என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அது நிகர மதிப்பா, மொத்த மதிப்பா? 2 மீட்டர் ஆழத்தில் அடித்தளம், கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள மண் என்றால் இரண்டுக்கும் இடையே 3.6 டன் வேறுபாடு. தூணின் சுமை 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 என்பது நிகர மதிப்பானால் 4 சதுர மீட்டர், அதாவது 2-க்கு 2 மீட்டர் அடித்தளம் போதும். அது மொத்த மதிப்பானால் நிகரம் 11.4தான், தேவை ஏறக்குறைய 5.3 சதுர மீட்டர், 2.3 மீட்டர் பக்கம். மொத்தம் என்ற ஒரு சொல்லும் “பாடநூல் விளக்கம்” என்ற பெயரில் வெட்டுப்பட்டால், மொத்த மதிப்பை நிகரமாக வாசித்த பொறியாளர் சிறிய அடித்தளத்தை வரைந்துவிடுவார்.

N மதிப்பிலும் இதே சிக்கல்தான். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள நுண்மணலில், மேலுள்ள மண்சுமைக்கான திருத்தத்துக்குப் பிறகும் மதிப்பு 15-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதியில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். 31 இருந்தால் 23 ஆகும். அட்டவணையில் வெறுமனே 23 என்று இருந்து, அது திருத்திய மதிப்பு என்ற குறிப்பு இல்லாவிட்டால், கவனமான பொறியாளர் மீண்டும் திருத்துவார், 19 வரும். அடித்தளம் தேவையின்றிப் பெரிதாகும், உரிமையாளரின் பணம் மண்ணுக்குள் போகும். திருத்தம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தாகிவிட்டதா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே வெட்டும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதிக்கலாம்: இதே வாக்கியம் வேறோர் ஊரின் மண் அறிக்கையிலும் மாற்றமின்றிப் பொருந்துமா? பொருந்தினால் நீக்கலாம், நெறிமுறை எண் ஒன்றே அந்த இடத்தை நிரப்பும். “தாங்குதிறன் என்பது மண் தாங்கும் சுமை” என்பது எங்கும் பொருந்தும், போகட்டும். “இங்கே தரப்படுவது 2 மீட்டர் ஆழத்தில், 50 மில்லிமீட்டர் இறக்க வரம்புக்கு உட்பட்ட நிகர மதிப்பு” என்பதும் வரையறை போலத்தான் ஒலிக்கும். ஆனால் அது இந்த மனையைப் பற்றியது. இறக்க வரம்பை 25 மில்லிமீட்டராக வைத்திருந்தால் மணலில் அனுமதிக்கத்தக்க அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகியிருக்கும்.

அறிக்கை நிபுணரின் மேசையோடு நின்றுவிடுவதில்லை என்ற எதிர்வாதமும் உண்டு. ஒப்பந்ததாரர் வாசிப்பார், பின்னாளில் சுவரில் விரிசல் கண்டு வழக்கு வந்தால் வழக்கறிஞரும் வாசிப்பார். இது நியாயமான கவலை. ஆனால் அவர்களுக்கும் பொதுப் பாடம் பயன்படப் போவதில்லை. எந்தத் துளையில், எந்த ஆழத்தில், என்ன கருவியால், எந்தத் திருத்தத்தோடு என்ற விவரமே அவர்கள் தேடுவதும். சொற்களின் பொருள் அவசியம் வேண்டுமென்றால் பின்னிணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். களப்பதிவின் முன்னால் அதை நிறுத்தத் தேவையில்லை.