திறக்கும் இணைப்பு, மாறிய ஆவணம்

கோப்பைப் பகிர வேண்டுமென்றால் இன்று பெரும்பாலோர் கோப்பையே அனுப்புவதில்லை. அதன் இணைப்பை அனுப்புகிறார்கள். வசதியான வழிதான். ஆனால் அனுப்பிய பிறகும் கோப்பு அனுப்பியவரிடமே இருக்கிறது. அவர் அதன் பெயரை மாற்றலாம், வேறு கோப்புறைக்கு நகர்த்தலாம், உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். இந்த மூன்றும் நடக்கும்போது பெற்றவர் கையிலுள்ள இணைப்பு என்ன ஆகிறது? பெரும்பாலோர் பயன்படுத்தும் கூகுள் டிரைவை எடுத்துக்கொண்டு பார்த்தால், முதலிரண்டு மாற்றங்களிலும் இணைப்பு அறுவதில்லை. அதன் பெரிய பலம் அது. மூன்றாவது மாற்றத்தில் அதே பலம் குறையாகிறது: இணைப்பு முன்போலவே திறக்கிறது, ஆனால் முன்பு காட்டியதைக் காட்டுவதில்லை, மாறிவிட்டதென்று பெற்றவருக்குச் சொல்வதுமில்லை. இணைப்பு தொடர்ந்து திறப்பதும், அன்று பகிர்ந்ததையே திறப்பதும் இரு வேறு உறுதிமொழிகள். இந்தச் சேவை முதலாவதைத் தருகிறது. பயன்படுத்துபவர்களோ இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் உறுதிமொழியின் அருமை புரிய, பழைய வகை இணைப்பைப் பார்க்க வேண்டும். இணையதளத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பை ஏற்றினால், அதன் முகவரி பெரும்பாலும் கோப்புறையின் பெயரும் கோப்பின் பெயரும் சேர்ந்த பாதையாக இருக்கும். பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பாதை மாறிவிடும். பழைய முகவரியை வைத்திருப்பவருக்கு 404 என்ற பிழைதான் மிஞ்சும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைக் கண்டித்து எழுதினார். முகவரி மாறக் கூடாது, நாளை மாறக்கூடிய எதையும் அதற்குள் வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். கூகுள் டிரைவின் இணைப்பு இந்த வாதத்துக்கு ஒத்துப்போகிறது. அதில் கோப்பின் பெயரும் இல்லை, கோப்புறையின் பெயரும் இல்லை. கோப்பு உருவான அன்று கொடுக்கப்பட்ட அடையாளக் குறி ஒன்றுதான் இருக்கிறது.

```
https://drive.google.com/file/d/FILE_ID/view
```

FILE_ID என்ற இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரம் வரும். வீடு மாறினாலும் ஆதார் எண் மாறாததுபோல, கோப்பு எங்கே போனாலும் இந்தக் குறி மாறாது. பெயர் மாற்றத்தால் இணைப்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருப்பதைக்கூட டிரைவ் அனுமதிக்கிறது, ஏனென்றால் அது பெயரை வைத்து எதையும் அடையாளம் காண்பதில்லை. நகர்த்துவதில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. இணைப்பு மாறாவிட்டாலும் அனுமதி மாறலாம். கோப்பையே தனியாகப் பகிர்ந்திருந்தால் அந்த அனுமதி கோப்போடு போகும். கோப்புறையைப் பகிர்ந்து, அதன் வழியாகத்தான் மற்றவர்கள் கோப்பைப் பார்த்தார்கள் என்றால், கோப்பு வெளியே போனதும் அவர்களுடைய அனுமதியும் போய்விடும். மறுபக்கம், எல்லோருக்கும் திறந்திருக்கும் கோப்புறைக்குள் நகர்த்தினால் அந்தத் திறப்பு கோப்புக்கும் வந்துவிடும். உரிமையாளர் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதாக நினைத்துச் செய்யும் வேலை, யார் பார்க்கலாம் என்ற முடிவையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

இந்தக் குறைகளிலும் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது: அவை கண்ணுக்குத் தெரியும். அனுமதி போயிருந்தால் "You need access" என்ற பக்கம் வரும்; அங்கிருந்தே உரிமையாளரிடம் அனுமதி கேட்கலாம். கோப்பு நிரந்தரமாக அழிந்திருந்தால், நீங்கள் கேட்ட கோப்பு இல்லை என்ற செய்தி வரும். எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பார்த்தே என்ன நடந்தது என்று பெற்றவர் ஊகிக்கலாம், உரிமையாளரைக் கேட்கலாம். உடைந்த இணைப்பு எரிச்சலூட்டும். ஆனால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

உள்ளடக்கத்தை மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. உரிமையாளர் அதை மூன்று விதமாகச் செய்யலாம். பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவது ஒன்று. புதிய கோப்புக்குப் பழைய பெயரையே வைத்தாலும் குறி புதிது. பழைய இணைப்பு புதிய கோப்புக்குப் போகாது. நீக்கியது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்து பிறகு அழியும். இரண்டாவது, கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, File information வழியாக Manage versions-க்குப் போய் புதிய பதிப்பை ஏற்றுவது. இதில் குறி அப்படியே இருக்கும், பகிர்வும் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறும். மூன்றாவது, அதே பெயருள்ள கோப்பை அதே கோப்புறையில் ஏற்றும்போது வரும் கேள்விக்கு Replace existing file என்று பதில் சொல்வது. இதன் விளைவும் இரண்டாவதைப் போன்றதே. அதே கேள்விக்கு Keep both files என்றால் தனிக் குறியோடு இன்னொரு கோப்பு உருவாகும். பழைய இணைப்பு பழைய கோப்பையே காட்டும். ஒரு சின்னக் கட்டத்தில் எதைச் சொடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து, இணைப்பை வைத்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பது வேறாகிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர், பராமரிப்புக் கட்டண விவரத்தை ஜனவரியில் பிடிஎஃப்பாக ஏற்றி, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் மாதத்துக்குச் சதுர அடிக்கு 3 ரூபாய். ஜூலையில் அது 3 ரூபாய் 50 காசாகிறது. புது இணைப்பு போட்டால் குழப்பம் வரும் என்று எண்ணி, நல்ல நோக்கத்தோடுதான் அவர் அதே கோப்பில் புதிய பதிப்பை ஏற்றுகிறார். 900 சதுர அடி வீட்டில் வாடகைக்கு இருந்தவர் மே மாத இறுதியில் காலி செய்துவிட்டார். ஆகஸ்டில் முன்பணக் கணக்கை முடிக்கும்போது, பராமரிப்புப் பாக்கி எவ்வளவு என்ற பேச்சு வருகிறது. வீட்டுக்காரர் ஜனவரி மாதத்துச் செய்தியைத் தேடியெடுத்து இணைப்பைத் திறக்கிறார். ஜனவரித் தேதியிட்ட செய்தி, 3 ரூபாய் 50 காசு என்று சொல்லும் ஆவணத்தைக் காட்டுகிறது. மாதம் 2,700 ரூபாய் கட்ட வேண்டியவரின் கணக்கு 3,150 என்று ஆகிறது. ஐந்து மாதத்துக்கு 2,250 ரூபாய் வித்தியாசம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. செய்தியின் தேதி உண்மை, ஆவணமும் உண்மை. இரண்டும் ஒரே நாளுக்கு உரியவை என்ற தோற்றம்தான் பொய். அந்தத் தோற்றத்தை உண்டாக்கியது, அறாமல் இருந்த இணைப்பு.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, பழைய பதிப்புகள் சேமிப்பில் இருக்கின்றனவே என்பது. இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பார்க்கத் திருத்தும் அனுமதி வேண்டும். பார்வையிடும் அனுமதி மட்டுமே உள்ள வாடகைதாரருக்கு அந்தப் பட்டியல் திறக்காது. பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகளோ 30 நாளுக்குப் பிறகு, அல்லது புதிய பதிப்புகள் நூறு சேர்ந்த பிறகு, அழிக்கப்படலாம். காப்பாற்ற வேண்டுமென்றால் Keep forever என்று உரிமையாளர் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ஜூலை மாற்றத்தைப் பற்றி ஆகஸ்ட் கடைசியில் கேட்டால், செயலாளராலேயே பழைய தாளை எடுத்துக்காட்ட முடியாமல் போகலாம். சான்று தேவைப்படுகிறவரிடம் அது இல்லை. இருப்பவரிடமும் தானாக நிலைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு, அக்கறை உள்ளவர் அன்றே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது. முக்கியமான ஆவணத்தைத் தன்னிடம் ஒரு பிரதியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் பார்வையாளர்கள் பதிவிறக்க முடியாதபடி உரிமையாளர் தடுத்திருக்கலாம். மேலும், எது பிற்பாடு தகராறாகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. மாற்றத்தைச் செய்பவர் தன் வேலையை எளிதாக்கிக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்கும் சுமையைப் பெற்றவர்மேல் ஏற்றுவது முறையான பங்கீடு ஆகாது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் கனம் அதிகம். தவறான தொலைபேசி எண்ணோடு ஒரு சுற்றறிக்கை பத்துக் குழுக்களுக்குப் போய்விட்டால், அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் திருத்த மாற்றீட்டைவிட நல்ல வழி கிடையாது. இணைப்புக்குப் பதிலாகக் கோப்பையே அனுப்பியிருந்தால் தவறான பிரதி ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். பேருந்து நேரப் பட்டியல், தொடர்பு எண்கள், பயிற்சி வகுப்பின் அட்டவணை போன்றவற்றில் படிப்பவருக்கு வேண்டியது இன்றைய நிலைதான். ஜனவரியில் என்ன இருந்தது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஆகவே மாற்றீட்டை அடியோடு விலக்கச் சொல்ல முடியாது. ஆனால் கட்டண விவரம், தீர்மானம், விதிமுறை, ஒப்பந்தம் ஆகியவற்றில் அன்று என்ன சொல்லப்பட்டது என்பதே ஆவணத்தின் உயிர். இந்த இரண்டு வகைக்கும் டிரைவ் ஒரே வகை இணைப்பைத்தான் தருகிறது; குறை அங்கே இருக்கிறது.

இரண்டு வகை இணைப்பும் தர முடியும் என்பதற்கு விக்கிப்பீடியாவே சாட்சி. ஒரு கட்டுரையின் வழக்கமான முகவரி எப்போதும் இன்றைய வடிவத்தைக் காட்டும். கட்டுரையின் பெயரை மாற்றி நகர்த்தினால், பழைய பெயரில் ஒரு வழிமாற்று நின்று புதிய பெயருக்குக் கொண்டுபோய் விடும். அதோடு ஒவ்வொரு திருத்தத்துக்கும் oldid என்ற எண்ணோடு தனி முகவரி உண்டு. அதைத் திறந்தால் அந்த நாளின் வடிவம் அப்படியே வரும், இது பழைய பதிப்பு என்ற அறிவிப்பும் மேலே இருக்கும். வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. கிட்ஹப் தளத்திலும் ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது y விசையை அழுத்தினால், மாறிக்கொண்டே இருக்கும் கிளையின் முகவரி போய், அந்த நேரத்துப் பதிப்புக்கான நிலையான முகவரி வந்துவிடும். எந்த உறுதிமொழி தனக்கு வேண்டும் என்பதை அங்கே பகிர்கிறவரே தேர்ந்தெடுக்கிறார்.

டிரைவில் அந்தத் தேர்வு இல்லாத வரைக்கும், அதை உரிமையாளர்தான் தன் நடைமுறையால் ஈடுகட்ட வேண்டும். இன்றைய நிலையைச் சொல்லும் ஆவணம் என்றால் ஒரே கோப்பு, ஒரே இணைப்பு போதும். முதல் பக்கத்திலேயே கடைசியாகத் திருத்திய தேதியும் என்ன மாறியது என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். ஒரு நாளில் எடுத்த முடிவைப் பதிவு செய்யும் ஆவணம் என்றால், புதிய முடிவுக்குப் புதிய கோப்பும் புதிய இணைப்பும் வேண்டும். பழையதை நீக்காமல், புதியதில் அதன் இணைப்பைச் சேர்க்க வேண்டும். நம் செயலாளர் ஜூலையில் Keep both files என்பதைச் சொடுக்கி, கோப்பின் பெயரிலும் உள்ளேயும் தேதி போட்டு, குழுவில் இரண்டாவது செய்தி ஒன்று அனுப்பியிருந்தால் போதும். ஜனவரிச் செய்தி ஜனவரிக் கட்டணத்தையே காட்டியிருக்கும். 2,250 ரூபாய் பற்றிய பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.