சீன அருங்காட்சியகச் சீட்டுகளின் ஆங்கிலப் பெயர்ப்பு: மரபுப் பெயரும் ஆண்டுக் கணக்கும்

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் அருகே வைக்கப்பெறும் விளக்கச் சீட்டு மிகச் சிறிய நூல் எனலாம். பொருளின் பெயர், காலம், கிடைத்த இடம் என்னும் மூன்றையும் அது சில சொற்களில் கூறி முடிக்கின்றது. சீன மொழியில் எழுதப்பெற்ற அத்தகைய சீட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் பொருட்பெயருக்குத் தக்க சொல் தேடுவதிலேயே பெரிதும் முயல்கின்றனர். ஆயினும், பொதுமக்களாகிய பார்வையாளரைப் பிழையான முடிவுக்குச் செலுத்துவது பெரும்பாலும் காலத்தைக் குறிக்கும் பகுதியே. அப்பகுதியில் நேரும் பிழைகளுள் மூன்றினை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மிங் மரபைச் சார்ந்த பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கொள்வோம். அதன் அடியில் ஆறு எழுத்துகளாலான முத்திரை ஒன்று உளது. 'தா மிங் சுவான்தே நியான் ஜி' என்பது அதன் ஒலி. எழுத்துக்கு எழுத்தாகப் பொருள் கொள்ளின், 'பெரிய மிங், சுவான்தே, ஆண்டு, செய்தது' என்றாகும். இதனைச் 'சுவான்தே என்னும் ஆண்டில் செய்தது' எனப் பெயர்ப்பது தவறு. 'நியான்' என்னும் சொல் தனியே நிற்குங்கால் ஆண்டினைக் குறிப்பினும், இங்கு ஓர் ஆட்சிப்பெயர் வழங்கிய காலம் முழுவதையும் குறிக்கின்றது. ஆகவே, 'சுவான்தே ஆட்சிக்காலத்தில் செய்யப்பெற்றது' என்பதே உரிய பெயர்ப்பு.

சுவான்தே என்பது அரசனின் இயற்பெயரும் அன்று. அவனுடைய இயற்பெயர் ஜூ ஜான்ஜி. சுவான்தே என்பது ஆண்டுகளை எண்ணுவதற்காக அறிவிக்கப்பெற்ற ஆட்சிப்பெயர். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஆண்டுக் கணக்கையே மாற்றுவதாகும். அவ்வரசன் அரியணை ஏறியது 1425-இல். ஆனால், புதிய ஆட்சிப்பெயர் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே, அதாவது 1426 முதலே, நடைமுறைக்கு வந்தது. அவன் இறந்தது 1435 சனவரித் திங்களின் இறுதி நாளில்; எனினும், அவ்வாண்டு முடியுமளவும் சுவான்தே என்னும் பெயரே வழங்கிற்று. அரசன் ஆண்ட காலம் 1425 முதல் 1435 வரை எனின், ஆட்சிப்பெயரின் காலம் 1426 முதல் 1435 வரை ஆகும். 1435-ஆம் ஆண்டின் நடுவில் சூளையிலிருந்து எடுக்கப்பெற்ற கிண்ணம் அரசன் இறந்த பின்னரே தோன்றியதாயினும் சுவான்தே காலத்ததே. எனவே, ஆங்கிலச் சீட்டில் 'எம்பரர்' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'மிங் மரபு, சுவான்தே ஆட்சிப்பெயர்க் காலம், 1426–1435' என்னும் பொருள்பட எழுதுவதே சாலும்.

இம்முத்திரை வேறோர் இடர்ப்பாட்டையும் விளைக்கின்றது. சிங் மரபின் காங்சி காலத்துக் (1662–1722) குயவர்கள் முன்னைய மிங் கலங்களைப் போற்றி, தாம் செய்த கலங்களின் அடியிலும் சுவான்தே முத்திரையை எழுதினர். அத்தகைய கலத்திற்குரிய சீனச் சீட்டு, 'சிங், காங்சி' என்று காலத்தைக் கூறிய பின்னர், 'சுவான்தே' என்பதனோடு 'குவான்' என்னும் ஒரெழுத்துச் சொல்லைச் சேர்த்துரைக்கும். குவான் என்பது முத்திரையைக் குறிக்கும் சொல். பெயர்ப்பாளர் அவ்வோரெழுத்தை விட்டுவிடின், ஒரே சீட்டில் இரண்டு காலங்கள் நின்று ஒன்றையொன்று மறுக்கும். அம்முரணை நீக்கக் கருதிக் காங்சியையும் விட்டுவிடின், கலம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டதாகிவிடும். ஆங்கிலப் பீங்கான் பட்டியல்களில், முத்திரையும் காலமும் ஒன்றேயான கலத்தினை 'மார்க் அண்ட் பீரியட்' என்று குறிக்கும் மரபு இம்மயக்கத்தைப் போக்கவே எழுந்தது. முத்திரை வேறு, காலம் வேறு என்னுமிடத்துக் காலத்தை முன்னும் முத்திரையைப் பின்னும் வைத்துத் தனித்தனியே கூறுதல் வேண்டும்.

இரண்டாவது பிழை மரபுப் பெயர்களின் ஒலியொப்புமையால் வருவது. சீன எழுத்தில் வெவ்வேறாகவும் ஒலியில் ஏற்ற இறக்கத்தால் வேறுபட்டும் நிற்கும் இரு மரபுகள் ஆங்கில எழுத்தில் 'ஜின்' என்றே ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி 420-இல் முடிவுற்றது. மற்றொன்று ஜூர்ச்சென் மக்கள் வடக்கே நிறுவி 1115 முதல் 1234 வரை ஆண்டது. சீன வாசகர் எழுத்தைக் கண்டவுடன் இன்னதென உணர்வர். ஆங்கில வாசகருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆண்டெல்லை எழுதாத 'ஜின் மரபு' என்னும் சீட்டு, எழுநூறு ஆண்டு இடைவெளியுடைய இரண்டனுள் எதனைச் சுட்டுகின்றதென அவர் அறியார். பெயர் மட்டும் போதாது. எண்ணும் உடன் வேண்டும். எண் மட்டுமே போதும், மரபுப்பெயரை நீக்கிவிடலாம் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. பார்வையாளர் ஒரு கூடத்தின் பொருள்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் காண்பது மரபுப்பெயர்களைக் கொண்டே.

எண்ணை எழுதுமிடத்து எழுவதே மூன்றாவது சிக்கல். முன்னைய ஜின் மரபின் தொடக்கம் சில சீட்டுகளில் 265 என்றும், சிலவற்றில் 266 என்றும் காணப்படும். சீன ஆண்டு சனவரியில் தொடங்குவதன்று. ஜின் மரபின் முதல் அரசன் அரியணை ஏறியது சீன ஆண்டின் பன்னிரண்டாம் திங்களில். அவ்வாண்டின் பெரும்பகுதி 265-ஐச் சார்ந்ததாயினும், அந்நாள் 266 பிப்ரவரியில் விழுகின்றது. ஆண்டினை மட்டும் நோக்கியோர் 265 என்றனர். நாளினை நோக்கியோர் 266 என்றனர்.

புலவர் சூ ஷி பற்றிய சீட்டுகளில் இச்சிக்கல் இன்னும் தெளிவாக விளங்கும். அவர் தம் கையால் எழுதிய 'குளிருணவு நாள்' கவிதைச் சுருள் தைப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உளது. அவர் பிறந்தது ஜிங்யூ மூன்றாம் ஆண்டு, பன்னிரண்டாம் திங்கள், பத்தொன்பதாம் நாள். பட்டியலைப் பார்த்து 'ஜிங்யூ மூன்று என்பது 1036' என எழுதுவது எளிது. ஆனால் அந்நாள் 1037 சனவரி 8 ஆகும். அவர் மறைந்தது 1101 ஆகத்து 24. சீன நூல்கள் அவர் அகவை அறுபத்தாறு என்னும். பிறந்தபொழுதே ஒன்று எனத் தொடங்கி, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூட்டுவது அவர்தம் முறை. ஆங்கில முறைப்படி அவர் நிறைத்தது அறுபத்து நான்கு ஆண்டுகளே. '1037–1101' என்று எழுதிய சீட்டிலேயே 'அறுபத்தாறாம் அகவையில் மறைந்தார்' என்றும் எழுதின், கழித்துப் பார்க்கும் மாணவன் இரண்டனுள் ஒன்று பொய்யென எண்ணுவான். மூலத்திற்குச் சொல்லளவில் உண்மையாக நின்ற பெயர்ப்பு பொருளளவில் பொய்யாகும் இடம் இதுவேயாம். இங்கு அறுபத்து நான்கு என மாற்றி எழுதுவதே நேர்மை.

இவற்றால் பெறப்படும் தேர்வு முறை ஒன்றுண்டு. சீனப் புத்தாண்டு சனவரிப் பிற்பகுதிக்கும் பிப்ரவரிப் பிற்பகுதிக்கும் இடையே வருதலின், மூலத்தில் பதினொன்றாம் அல்லது பன்னிரண்டாம் திங்கள் குறிக்கப்பெற்றிருப்பின், ஆண்டுப் பட்டியலோடு நில்லாது நாட்பட்டியலையும் பார்த்தல் வேண்டும். திங்கள் குறிக்கப்படாது ஆண்டு மட்டும் இருப்பின், பெரும்பகுதி பொருந்தும் ஆங்கில ஆண்டை எழுதுதல் அமையும். அதனினும் நுண்ணிய நாளை ஊகித்து எழுதுதல் ஆகாது. ஒரு கூடம் முழுவதும் ஒரே மரபிற்கு ஒரே எல்லையாண்டுகளை ஆளுதலும் இன்றியமையாதது. ஒரு சீட்டில் 265 என்றும் அடுத்த சீட்டில் 266 என்றும் இருப்பின், இரண்டும் தத்தம் அளவில் காரணமுடையனவாயினும், காண்போர்க்கு அவை பிழையாகவே தோன்றும்.