முத்துக்குளிக்கும் வீடியோக்களில் தூத்துக்குடி எங்கே?

தூத்துக்குடி முத்துக்குளித்தல் பற்றிய யூடியூப் வீடியோக்களைக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துப் பார்த்துக்கிட்டிருக்கேன். பலவற்றுக்கும் ஒரே அச்சுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு ஒன்று, நீலக் கடலுக்குள் யாரோ நீந்தும் ஸ்டாக் காட்சி ஒன்று, பின்னணியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. மூன்றுமே இரவல்.

இரவல் வாங்குவதற்குக் காரணம் இருக்கு. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு போய்ப் படம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. என் குறை இரவல் வாங்குவதில் இல்லை, எதை யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்காமலே காசு வரும் வீடியோவில் சேர்ப்பதில்தான்.

முதலில் பாட்டு. "அறுபது வருஷம் ஆச்சு, இனி ஃப்ரீதான்" என்று சொல்பவர்கள் உண்டு. அதே 1961-இல் வந்த 'பாசமலர்' பாட்டு ஒன்றையே எடுத்துக்குவோம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கு 2021 கடைசியோடு முடிஞ்சுது. ஆனால் பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் இறந்தார், அதனால் அவர் எழுதிய வரிக்கு 2041 முடிய உரிமை இருக்கு. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து அமைத்தது. இருவரில் பின்னால் இறந்த எம்.எஸ்.வி.யின் 2015-இலிருந்து எண்ணணும். அது 2075 வரை போகுது. ஒரே பாட்டுக்கு மூன்று கடிகாரம். ஒன்று நின்றதால் மற்ற இரண்டும் நிற்காது. நாமே பாடிப் பதிவு செய்தாலும் வரியும் மெட்டும் அவர்களுடையவைதான். "30 விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை" என்ற விதி சட்டத்தில் கிடையவே கிடையாது. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்ட இடம் உண்டு, அலங்காரத்துக்குப் பின்னணியில் ஓட விட இடமில்லை.

மாட்டினால் என்ன ஆகும்? கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடித்ததும் உரிமையாளர் பெயரில் கிளெய்ம் விழும். பத்து நிமிஷ வீடியோவில் பாட்டு இருபது விநாடிதான் என்றாலும், மொத்த வீடியோவின் விளம்பர வருமானமும் பெரும்பாலும் அவர் பக்கம் போயிடும். இது ஸ்ட்ரைக் இல்லை. உங்களிடம் உண்மையிலேயே லைசென்ஸ் இருந்தால் 5 நாளுக்குள் மறுப்புக் கொடுங்க. முடிவு தெரியும்வரை பணம் தனியாக நிறுத்தி வைக்கப்படும். லைசென்ஸ் இல்லாமல் வீம்புக்கு மறுத்துக்கிட்டே போனால் வீடியோவே நீக்கப்பட்டு ஸ்ட்ரைக் வரலாம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போயிடும்.

அடுத்தது ஸ்டாக் காட்சி. 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை காசு கொடுத்தால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் பொருள். சில காட்சிகளில் 'எடிட்டோரியல்' என்று போட்டிருக்கும். செய்திக்கும் விளக்கத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். முத்து நகைக்கடை ஒன்று ஸ்பான்சர் செய்யும் வீடியோவில் அது வந்தால் விளம்பரமாகிவிடும், லைசென்ஸ் மீறலாகிவிடும். கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும் இப்படி ஒரு பொறி இருக்கு. NC என்று இருந்தால் காசு பார்க்கக் கூடாது. ND என்று இருந்தால், படத்தோடு ஒத்திசைத்து வைப்பதையே அந்த உரிமம் மாற்றியமைத்தலாகக் கணக்கிடுகிறது, அதனால் வீடியோவில் அதைச் சேர்க்கவே முடியாது.

லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல் மிஞ்சுது. எங்கோ பசிபிக் கடலில் கண்ணாடி மாட்டிக்கிட்டு நீந்துபவரைக் காட்டி, "நம்ம பரதவர் முத்துக்குளிச்சது இப்படித்தான்" என்று குரல் கொடுக்கிறார்கள். நம்மவர் கல்லின் கனத்தில் இறங்கினவர். காசு கொடுத்து முறையாக வாங்கிய பொய்யும் பொய்தானே?

சரி, அப்போ என்னதான் பண்றது? முத்துக்குளிப்பு நின்னு போச்சு, சங்குகுளிப்பு நிற்கலை. திரேஸ்புரத்தில் இன்றைக்கும் சங்கு எடுக்கப் போறாங்க. கேட்டு, சம்மதம் எழுதி வாங்கிப் படம் பிடித்தால், படமும் கடல் சத்தமும் உங்களுடையவை. "இது சங்கு, முத்து இல்லை" என்று வீடியோவிலேயே சொல்லிட்டால் போதும். பழைய படம் வேணுமா? சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் இறந்தது 1949. அவர் எழுதியவற்றுக்கு இங்கே 2009-லேயே உரிமைக்காலம் முடிஞ்சுது, இறந்தபின் 70 ஆண்டு கணக்கிடும் பிரிட்டனிலும் 2019-இல் முடிஞ்சுது.

வெளியிடும் முன் யூடியூப் ஸ்டுடியோவில் Checks கட்டத்தை முடிய விடுங்க. கன்டென்ட் ஐடியில் இருப்பது மட்டும்தான் அதில் தெரியும், மற்றதற்கு உத்தரவாதம் இல்லை. எதை எங்கே, எந்தத் தேதியில், எந்த நிபந்தனையில் எடுத்தோம் என்ற குறிப்பும் ரசீதும் நம்ம கையில் இருக்கணும்.