முகம் ஒருத்தி, உடல் ஒருத்தி

ஸ்பீல்பெர்க் 1993-இல் எடுத்த 'ஜுராஸிக் பார்க்' படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு கட்டம் வருகிறது. துரத்தும் மிருகத்துக்குப் பயந்து எல்லோரும் கூரைத் தட்டுக்குள் ஏறுகிறார்கள். கீழிருந்து மிருகம் முட்ட, தட்டு பெயர்ந்து சிறுமி லெக்ஸ் அந்தரத்தில் தொங்குகிறாள். தொங்கியபடியே முகத்தை உயர்த்தி மேலே பார்க்கிறாள். பார்க்கிறவனுக்கு நெஞ்சு படபடக்கிறது.

தொங்கியது அந்த வேஷத்தில் நடித்த அரியானா ரிச்சர்ட்ஸ் அல்ல, அவருடைய டூப். டூப் நிமிர்ந்து காமிராவைப் பார்த்துவிட்டது தவறு. பழைய நாளாக இருந்தால் அந்தத் துண்டைக் கத்தரித்து எறிந்திருப்பார்கள்; டூப்புக்கு முதுகும் தலைமயிரும் உண்டே தவிர, முகம் கிடையாது என்பதுதான் ஸினிமாவின் சட்டம். இங்கே அந்த முகத்தின் மேல் அரியானாவின் முகத்தைக் கம்ப்யூட்டரால் பொருத்தினார்கள். இத்தகைய முகமாற்றத்தின் ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று.

சொல்வது எளிது. வினாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் டூப்பின் தலை எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கண்டு, அதற்கு ஒட்டினாற்போல் நடிகையின் முகத்தை வைக்க வேண்டும். இம்மி பிசகினாலும் முகம் தண்ணீரில் இலைபோல மிதக்கும். வெளிச்சம் வந்த திசையிலிருந்தே நடிகையின் முகத்திலும் வெளிச்சம் விழ வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்டால் டூப்பின் முகத்தில் சிறு புள்ளிகள் இட்டு, அவற்றைப் பின்தொடரலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் குட்டு உடைவது பெரும்பாலும் கழுத்தில்தான். தாடைக்குக் கீழே பாருங்கள்: பாரத்தைச் சுமக்கும் உடலின் கழுத்து நரம்பு புடைக்கும், நாற்காலியில் உட்கார்ந்து படம்பிடிக்கப்பட்ட முகமோ சும்மா இருக்கும். லெக்ஸ் கட்டம் தப்பியதற்கு, அந்தத் துண்டு கண்சிமிட்டும் நேரமே நிற்பதும், அந்த முகத்தில் பயத்தைத் தவிர வேறு பாவமே தேவையில்லாததும் காரணம் என்பது என் அபிப்பிராயம். இதையே நீட்டி, முகம் யோசிக்கவும் வருந்தவும் வேண்டுமென்றால் ஒட்டு தெரிந்துவிடும்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை. பாத்திரம் விழுந்தால், விழுகிற உடலும் பதறுகிற முகமும் ஒன்றாக இருக்கும்படி எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. இங்கே அடி ஒருவருக்கு, கைதட்டல் இன்னொருவருக்கு. முன்பு முதுகையாவது கண்டு, "இது டூப்" என்று ரஸிகன் சொல்ல முடிந்தது. இப்போது அந்தச் சின்ன அங்கீகாரமும் போயிற்று. ஸ்டண்ட் அமைப்புக்கென்று ஓர் ஆஸ்கார் பரிசு, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து வழங்கப்படும் என்று 2025-இல் அறிவித்தார்கள். வித்தையின் வெற்றியே டூப்பை மறைப்பதுதான் என்றாகிவிட்ட காலத்தில், அது மிகத் தாமதமாக வருகிற நியாயம்.

அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு, விளிம்பைப் பற்றியிருக்கும் கைகளைப் பாருங்கள். அவற்றை யாரும் மாற்றவில்லை.