நகராத ஆய்வேடும் பதில் சொல்லாத நெறியாளரும்

முனைவர் பட்ட ஆய்வை எப்படிக் கடப்பது என்று சொல்லும் நூல்களில் இரண்டு பரவலாக வாசிக்கப்படுகின்றன. ஒன்று, எஸ்டெல் பிலிப்ஸும் டெரெக் பியூவும் எழுதி 1987-இல் பிரிட்டனில் வந்த ‘ஹவ் டு கெட் எ பிஎச்டி’. மற்றொன்று, ஜோன் போல்கர் 1998-இல் அமெரிக்காவில் எழுதிய, நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று தலைப்பிலேயே சொல்லும் நூல்.

போல்கர் உளவியலாளர். எழுதத் தொடங்கும் அச்சத்தை அவர் நேராகத் தொடுகிறார். தினமும் சிறிது நேரம் பிழை பார்க்காமல் எழுது, அந்தக் குவியலிலிருந்து முதல் வரைவைப் பிறகு உருவாக்கு என்கிறார். ஆறு மாதமாகக் கோப்பையே திறக்காத மாணவருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் பல ஆய்வேடுகள் தாமதமாவதற்கு எழுதாதது காரணம் அல்ல. எழுதியதை யாரும் படிக்காததுதான் காரணம். அங்கே பதினைந்து நிமிடம் பக்கங்களைக் கூட்டுமே தவிர, ஆய்வை நகர்த்தாது.

பிலிப்ஸும் பியூவும் இந்த இடத்தில் கூர்மையானவர்கள். நெறியாளரை நிர்வகிப்பதும் மாணவரின் வேலை என்று தனி இயலே எழுதினார்கள். அறுபது பக்க இயலை அனுப்பிவிட்டு நான்கு மாதம் காத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூலின் போக்கில் யோசித்தால், அவர் அனுப்ப வேண்டியது நான்கு பக்கம். கூடவே ஒரே கேள்வி: “இந்த இரண்டு வகைப்பாடுகளில் எதை வைத்துக்கொள்ளட்டும், ஐயா?” அடுத்த வரியில், “வரும் 20-ஆம் தேதிக்குள் தங்கள் கருத்து கிடைக்காவிட்டால் முதலாவதை வைத்து மேலே எழுதுகிறேன்.” நான்கு பக்கத்தை வகுப்புகளுக்கு இடையில் படித்துவிடலாம். பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. சந்திப்பு நடந்தால், பேசி முடிவானதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

இந்த வழி வேலைப்பளுவால் விலகி நிற்கும் நெறியாளரிடம் பலிக்கும். அக்கறையே இல்லாதவரிடம் பலிக்காது. கையெழுத்து அவர் கையில் இருக்கும்போது, அப்படித் தேதி குறித்து எழுதுவதையே சிலர் துடுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். இரு நூல்களும் பிறந்த சூழல் வேறு. இந்த அதிகார இடைவெளிக்கு அவற்றில் போதுமான விடை இல்லை. உதாரணமாக, சிக்கலை ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் கொண்டுபோகச் சொல்வது எளிது. இந்தியாவில் யுஜிசியின் 2022 விதிகளின்படி அந்தக் குழுவைக் கூட்டுபவரே நெறியாளர்தான்.

அதே விதிகள் ஒரு பிடியையும் தருகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அக்குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்லி, சிறு அறிக்கை தர வேண்டும். எந்த இயல் எந்தத் தேதியில் நெறியாளரிடம் தரப்பட்டது, எது திரும்பி வந்தது என்று அந்த அறிக்கையில் குற்றம் சாட்டாத தொனியில் ஒரு சிறு அட்டவணை சேர்க்கலாம். ஆறாண்டுக் கெடு நெருங்கி, தாமதத்துக்குக் காரணம் கேட்கப்படும்போது, மாணவரிடம் காட்டுவதற்கு அந்தத் தேதிகள் இருக்கும்.